அளவு அவங்களுது, வண்ணம் நம்மளுது

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், தொழில் அனுபவம் பகிரும் நேரத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைப் பார்த்துப் பெரிய வண்ணப் படம் வரையறவள். "அந்த வேலையைப் பத்தி பத்து நிமிஷம் பேசு"ன்னு சொன்னாங்க. ஒரே ஒரு படத்தைப் பத்தி மட்டும் சொல்றேன். அதை நான் ரெண்டு தடவை வரைஞ்சேன். முதல் தடவை தோத்துட்டேன். ஏன் தோத்தேன் என்பதுலதான் இந்தத் தொழிலே இருக்கு.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்துல ஒரு குப்பம். அங்கே ஒரு குழுவுல இருந்த அம்மா, கூடையில மீன் வித்தவங்க, இறந்துட்டாங்க. அவங்க வாழ்நாள்ல எடுத்த நல்ல போட்டோ ஒண்ணே ஒண்ணுதான். குழுவுக்கு வங்கிக் கணக்கு தொடங்கும்போது எடுத்தது. நாலு காப்பியில மூணு படிவத்துல ஒட்டியாச்சு. நாலாவது காப்பி குழுப் பதிவேட்டுக்குள்ள இருந்தது. அதைப் பெரிசு பண்ணிப் பார்த்தாங்க; முகம் மங்கலாப் போச்சு. வருஷத் திதிக்குள்ள வீட்டுல மாட்டற மாதிரி ஒரு படம் வேணும்னு அவங்க மக என்கிட்ட வந்தா. "சினிமா பேனர் மாதிரி பளிச்னு வண்ணமா இருக்கணும் அக்கா, அம்மாவுக்கு எம்.ஜி.ஆர். பேனர்னா உசுரு"ன்னு சொன்னா.

அந்தப் பாணி எனக்குத் தெரியும். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த வாத்தியார் ஒரு பேனர் ஓவியர். கம்ப்யூட்டர்ல அச்சடிக்கிற பிளெக்ஸ் வந்து அந்த வேலை முடிஞ்சு போகிற வரைக்கும் சென்னையில பேனர் வரைஞ்சவர். அவங்க கையில இருக்கிறது படத்தோட சின்ன ஸ்டில் போட்டோ. வரைய வேண்டியது வீட்டை விட உயரமான முகம். கிட்ட நின்னு வரையும்போது ஒரு கண்ணு மட்டும்தான் தெரியும், முழு முகம் தெரியாது. அதனால ஸ்டில் மேல சின்னச் சின்னக் கட்டம், பேனர் மேல அதே எண்ணிக்கையில பெரிய கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துல இருக்கிறதையும் அந்தந்தக் கட்டத்துல எடுத்து வைப்பாங்க. வண்ணம் மட்டும் அவங்க இஷ்டம். கன்னம் ரோஸா இருக்கும், நிழல் நீலமா, பச்சையா இருக்கும். ஆனா பஸ்ல போறவங்களுக்கு ஒரு நொடியில "ஆள் யாரு"ன்னு தெரிஞ்சிடும். அதெப்படி?

முதல் தடவை நான் அந்தக் கேள்வியை யோசிக்கல. கட்டம் போட்டுத்தான் ஆரம்பிச்சேன். பாதியில கை தன்னாலே போக ஆரம்பிச்சிருச்சு. கண்ணைக் கொஞ்சம் நீளமா இழுத்தேன், மீன் மாதிரி. ரெண்டு புருவத்தையும் ஒரே மாதிரி வளைச்சேன். தாடையைக் கொஞ்சம் குறுக்கினேன். படம் அழகா வந்தது. பார்த்தவங்க எல்லாரும் பாராட்டினாங்க. மக வந்து பார்த்தா. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் சொன்னா: "நல்லாருக்கு அக்கா. ஆனா எங்கம்மா இல்ல."

அந்த வாரம் நான் மாமல்லபுரத்துக்குப் போயிருந்தேன். ஆதிவராகர் குகைக் கோயிலை உங்கள்ல சிலர் பார்த்திருப்பீங்க. உள்ளே பாறையில ரெண்டு பல்லவ ராஜாக்களைச் செதுக்கியிருக்காங்க. ஒருத்தர் உட்கார்ந்திருக்கார், ஒருத்தர் நிக்கிறார். ஒவ்வொருத்தர் கூடவும் ரெண்டு ராணிகள். யாரோட உருவம்னு தெரியறதுக்கு மேலே சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்று பேரை வெட்டி வச்சிருக்காங்க. சிற்பிகளுக்குத் தாளக் கணக்குன்னு ஒரு அளவு முறை உண்டு. முகம் ஒரு தாளம், உடம்பு இத்தனை தாளம், கண் இந்த வடிவம், புருவம் இந்த வளைவுன்னு வகுத்து வச்சிருக்கு. தெய்வத்துக்கு அது பொருந்தும். தெய்வத்தை நேர்ல பார்த்து "இது அவர் இல்ல"ன்னு சொல்ல ஆள் இல்ல. ஆனா எல்லா முகத்துக்கும் ஒரே இலக்கணம் போட்டா, யார் என்று சொல்லப் பேர் எழுத வேண்டியிருக்கும். நான் செஞ்சதும் அதுதான். அந்த அம்மா முகத்துல இருந்த அவங்க அளவை எடுத்துட்டு, அழகோட அளவை வச்சுட்டேன். கீழே பேர் எழுதினாத்தான் தெரியும்ங்கிற நிலைமை.

வீட்டுக்கு வந்து ஸ்கேல் எடுத்து அளந்தேன். இந்தக் கணக்கைக் கொஞ்சம் கவனிங்க, சுலபம்தான்.

பாஸ்போர்ட் போட்டோ 35 மில்லிமீட்டர் அகலம், 45 மில்லிமீட்டர் உயரம். 5 மில்லிமீட்டருக்கு ஒரு கட்டம் போட்டா அகலத்துல 7, உயரத்துல 9, மொத்தம் 63 கட்டம். கேன்வாஸ்ல ஒரு கட்டத்தை 4 சென்டிமீட்டராப் போட்டா, படம் 28-க்கு 36 சென்டிமீட்டர் வரும். கடையில கிடைக்கிற 11-க்கு 14 இன்ச் சட்டத்துக்குச் சரியா இருக்கும். அதாவது எட்டு மடங்கு. போட்டோவுல அரை மில்லிமீட்டர் தப்பா எடுத்தா, படத்துல 4 மில்லிமீட்டர் தப்பாயிடும். அரை மில்லிமீட்டர்ங்கிறது பென்சில் கோட்டு அகலம்தான்.

போட்டோவுல அந்த அம்மாவோட ஒரு கண்ணோட நீளம் எட்டு மடங்குல 35 மில்லிமீட்டர் வரணும். நான் வரைஞ்சது 43. மூக்குக்கும் மேல் உதட்டுக்கும் நடுவுல 17 மில்லிமீட்டர் வரணும். நான் வச்சது 12. வயசானவங்களுக்கு அந்த இடம் நீளும், நான் அதைச் சுருக்கி வயசைக் குறைச்சிருக்கேன். மூணாவதுதான் முக்கியம். அவங்க இடது கண் வலது கண்ணை விட ஒரு நூல் கீழே இருக்கும், அந்தப் பக்க இமையும் கொஞ்சம் தொங்கும். எட்டு மடங்குல அது 4 மில்லிமீட்டர் வித்தியாசம். நான் ரெண்டையும் ஒரே மட்டத்துல வச்சிருந்தேன். யார் முகமும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. அந்தக் கோணல்தான் ஆளோட அடையாளம். அதை நான் குறைன்னு நினைச்சு சரி பண்ணிட்டேன்.

புருவத்தைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். அமெரிக்காவுல எம்.ஐ.டி.ங்கிற ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்துல பவன் சின்ஹா என்ற இந்திய விஞ்ஞானியும் அவர் கூட இருந்தவங்களும் ஒரு சோதனை செஞ்சு 2003-ல வெளியிட்டாங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச பிரபலங்களோட போட்டோவுல கண்ணை அழிச்சுக் காட்டினாங்க. புருவத்தை அழிச்சும் காட்டினாங்க. கண் இல்லாத முகத்தை விட, புருவம் இல்லாத முகத்தை அடையாளம் சொல்லத்தான் ஜனங்க அதிகம் திணறினாங்க. புருவத்தைத் திருத்திட்டு ஆள் மாறலன்னு நினைக்கக் கூடாதுன்னு இதுல இருந்து தெரியுது.

ரெண்டாவது தடவை எப்படிச் செஞ்சேன்னு வரிசையாச் சொல்றேன்.

முதல்ல போட்டோ. அசல் மேல பென்சில் கூட வைக்கக் கூடாது. ஜெராக்ஸ் கடையில 600 டி.பி.ஐ.ல ஸ்கேன் பண்ணி, நாலு மடங்கு பெரிசா, 14-க்கு 18 சென்டிமீட்டர் அளவுல கலர்ல அச்செடுத்துக்கிட்டேன். கட்டம் அந்த அச்சு மேல, 2 சென்டிமீட்டருக்கு ஒண்ணு. செல்போன்ல படம் எடுத்தும் செய்யலாம். ஆனா போனைக் கிட்ட வச்சு, கொஞ்சம் சாய்ச்சு எடுத்தா முகம் மேலே அகலமா, கீழே குறுகலாப் போயிடும். எப்படிக் கண்டுபிடிக்கிறது? படத்துல போட்டோவோட நாலு மூலையும் சரியான மூலையா இருக்கான்னு பாருங்க. மூலை சாய்ஞ்சிருந்தா முகமும் சாய்ஞ்சிருக்கு.

படம் இடம் வலம் மாறியிருக்கான்னும் பார்க்கணும். செல்பி கேமராவுல எடுத்தது சில சமயம் கண்ணாடியில தெரியற மாதிரி திரும்பியிருக்கும். கோணல் முகத்தைத் திருப்பிப் போட்டா, கூட வாழ்ந்தவங்களுக்கு என்னமோ இடிக்கும், என்னன்னு சொல்லத் தெரியாது. நமக்கு ஒரு சுலபமான அடையாளம் இருக்கு. முந்தானை இடது தோள்ல இருக்கணும், அதாவது நாம பார்க்கும்போது படத்தோட வலது பக்கம். மூக்குத்தி எந்தப் பக்கம்னும் வீட்டுல கேட்டுக்கணும்.

ஸ்டுடியோவுல டச்சப் பண்ணும்போது மச்சம், தழும்பு எல்லாம் அழிஞ்சு போயிருக்கலாம். மக கிட்ட கேட்டேன். "கீழ் உதட்டுக்குக் கீழே ஒரு மச்சம் இருக்குமே"ன்னா. போட்டோவுல அது இல்லவே இல்ல.

அடுத்தது பென்சில் வரைபடம். கண், வாய் இருக்கிற கட்டங்களை மட்டும் இன்னும் நாலாப் பிரிச்சேன். பெரிய கட்டத்துக்குள்ள கை ஊகம் பண்ண ஆரம்பிச்சிரும், சின்னக் கட்டத்துல அதுக்கு இடம் இல்ல. அப்புறம் அச்சையும் கேன்வாஸையும் தலைகீழாத் திருப்பி வச்சு வரைஞ்சேன். நேரா இருந்தா "இது கண்"ணுன்னு மனசு சொல்லும், கை தனக்குத் தெரிஞ்ச கண்ணை வரையும். தலைகீழா இருந்தா அது வெறும் கோடு. கோடு எங்க போகுதோ அங்க போகும்.

பெயின்ட் தொடறதுக்கு முன்னாடி அந்தப் பென்சில் படத்தை ரெண்டு பேருக்குக் காட்டினேன். மகளுக்கு ஒரு நாள், அந்த அம்மா கூடவே கூடை தூக்கினவங்களுக்கு வேற ஒரு நாள். ஒண்ணா உட்கார வச்சுக் கேட்டா ஒருத்தர் சொல்றதை இன்னொருத்தர் ஆமாம்பாங்க. "நல்லாருக்கா"ன்னு கேட்கக் கூடாது, "யாரு இது"ன்னு கேட்கணும். கூடைக்காரம்மா பார்த்ததும் பேரைச் சொல்லிட்டாங்க. அப்புறம், "தாடை இன்னும் கொஞ்சம் அகலம்"னாங்க. அச்சை அளந்தேன். அவங்க சொன்னது சரி.

இனி வண்ணம். பேனர் வாத்தியாரோட ரகசியம் இங்கதான். நீல நிழல் போட்டும் ஆள் ஏன் மாறல? வெளிச்சம், நடு, இருட்டு, இந்த மூணும் இருக்கிற இடம் மாறாத வரைக்கும் எந்த வண்ணம் போட்டாலும் முகம் நிக்கும். நான் வெளிச்சத்துக்கு மஞ்சள் கலந்த ஆரஞ்சு, நடுவுக்குச் செங்கல் சிவப்பு, நிழலுக்கு மயில் நீலம் எடுத்துக்கிட்டேன். அந்த நீலம், போட்டோவுல அந்த இடம் எவ்வளவு இருட்டோ அவ்வளவு இருட்டா இருக்கணும். வெளிறின நீலம் போட்டா, அது நிழலா இருக்காது, முகத்துல கறையாத் தெரியும். நிழல்ல மஞ்சள் போட ஆசைப்படக் கூடாது. மஞ்சளை எத்தனை கோட்டிங் குடுத்தாலும் இருட்டாகாது.

சரியா வந்திருக்கான்னு பார்க்க நம்ம எல்லார் கையிலயும் ஒரு கருவி இருக்கு. வரைஞ்ச படத்தை போன்ல எடுத்து, கறுப்பு வெள்ளையா மாத்துங்க. போட்டோவையும் கறுப்பு வெள்ளையா மாத்தி ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. போட்டோவுல இருட்டா இருக்கிற இடம் படத்துல வெளுத்திருந்தா, வண்ணம் அங்க பொய் சொல்லுது. எனக்கு ஒரு கன்னத்துல ஆரஞ்சு மேல ஏறியிருந்தது. அந்தப் பக்கம் கன்னம் உப்பின மாதிரி ஆயிருச்சு. மேலே கொஞ்சம் செங்கல் சிவப்பு ஓட்டினதும் அடங்கிருச்சு.

ஒரு சிக்கல் இருக்கு. பாஸ்போர்ட் போட்டோவுக்கு நேர் எதிர்ல லைட் வச்சு எடுப்பாங்க. மூக்கு ஓரம், கன்ன எலும்பு, எதுலயும் நிழல் இருக்காது. பேனர் பாணிக்கு ஒரு பக்கம் நிழல் வேணும். இல்லாத நிழலை எங்க இருந்து எடுக்கிறது? மகளுக்கு அம்மா ஜாடை. அவளை ஜன்னலோரம் உட்கார வச்சு, ஒரு பக்க வெளிச்சத்துல கன்ன எலும்புக்குக் கீழே நிழல் எப்படி விழுதுன்னு பார்த்துக்கிட்டேன். நிழலோட வடிவம் மக கிட்ட இருந்து எடுத்தது, ஆனா கன்ன எலும்பு இருக்கிற இடம் அம்மா போட்டோவோடது. ரெண்டையும் குழப்பினா படம் அக்கா தங்கச்சி மாதிரி வந்திடும். தெரியாத இடத்துல நிழலைக் குறைச்சலாப் போடறதே நல்லது.

ரெண்டு விஷயம் கேட்பாங்க, நான் செய்யறதில்ல. ஒண்ணு, "கொஞ்சம் சிரிச்ச மாதிரி போடுங்க." பாஸ்போர்ட் போட்டோவுல வாய் மூடியிருக்கும். சிரிச்சா வாய் மட்டும் மாறாது. கன்னம் ஏறும், கண் சுருங்கும், மூக்கு விரியும். அந்த ஆள் எப்படிச் சிரிப்பாங்கன்னு அந்தப் போட்டோவுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. சிரிக்கிற இன்னொரு போட்டோ இருந்தா, அதைப் பார்த்து முழுசா வரையலாம். வாயை மட்டும் மாத்த முடியாது. இன்னொண்ணு, "கொஞ்சம் செவப்பாப் போடுங்க." மாநிறத்தை வெளுத்தா, புருவமும் கண்ணும் உதடும் தனியாத் தூக்கிக்கிட்டு, மேக்கப் போட்ட மாதிரி தெரியும். உப்புக் காத்துல கறுத்த முகத்தை வெளுத்துட்டா அந்த அம்மா கடற்கரையில கூடை வச்சு உட்கார்ந்ததே பொய்யாயிடும். வண்ணத்துல விளையாடறதுக்குப் புடவை இருக்கு, பின்னணி இருக்கு. பின்னணியை நான் முழு மஞ்சளாப் போட்டேன், கட்-அவுட்டுக்குப் பின்னாடி வெயில் அடிக்கிற மாதிரி.

திதிக்கு மூணு நாள் முன்னாடி கொண்டு போய்க் குடுத்தேன். மக துணியை விலக்கிப் பார்த்தா. நான் அவ முகத்தைப் பார்க்கல, பயம். பின்னாடி இருந்து அவ பையன் எட்டிப் பார்த்து, "ஆயா ஏன் நீலமா இருக்கு?"ன்னு கேட்டான். நீலமா இருக்கிறதைத்தான் கேட்டான், யாருன்னு கேட்கல. எனக்கு அது போதும்.

கடைசியா உங்க எல்லார்கிட்டயும் ஒரு வேண்டுகோள். குழு வேலைக்காக நாம எல்லாரும் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிறோம். எடுத்ததை எல்லாம் படிவத்துல ஒட்டிடறோம். மேல கையெழுத்து, சீல் விழுந்துடுது. அடுத்த தடவை ஒரு காப்பி அதிகமா எடுங்க. பின்பக்கம் பேரையும் வருஷத்தையும் மெதுவாப் பென்சில்ல எழுதுங்க; பால் பாயின்ட் பேனா அழுத்தினா முன்பக்கம் முகத்துல கோடு தெரியும். ஸ்டுடியோவுல "மச்சத்தை எடுக்காதீங்க"ன்னு சொல்லுங்க. ஒரு காகித உறையில போட்டு, குழுப் பதிவேட்டோட பத்திரமா வைங்க. லேமினேட் பண்ண வேண்டாம், பளபளப்பு ஸ்கேன்ல அடிக்கும்.

கறுப்பா, கோணலா இருக்குன்னு நினைச்சு நாம ஒளிச்சு வைக்கிற அந்தப் போட்டோவுலதான் நம்ம அளவு இருக்கு. அந்த அளவு அவங்கவங்களுது, அதுல கை வைக்க எனக்கு உரிமை இல்ல. வண்ணம் மட்டும்தான் என்னுது.